தரையில் மெல்லிய கோடுகள்: பேடிங் 16 வரை ஏற்றியும் போகவில்லை

பிக்சல்பாண்டி

மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யூனிட்டி, யூ.ஆர்.பி, லீனியர் கலர். ஒரு கோட்டை முற்றம், தரை முழுக்கக் கல் பாவியது. கல் வகைகளை 2048 அட்லஸ் ஒன்றில் 4-க்கு 4 கட்டமாக அடுக்கியிருக்கிறேன், ஒரு கட்டம் 512 பிக்சல். மெஷ்ஷின் யூவி கல் கணக்கில் ஓடுகிறது, அதாவது 0 முதல் 1 வரை முதல் கல், 1 முதல் 2 வரை அடுத்த கல். எந்தக் கல் என்பது வெர்டெக்ஸில் வருகிறது. ஷேடரில் செய்வது இவ்வளவுதான்:

```hlsl
float2 auv = frac(IN.uv) * _Scale + IN.tileOffset;
half4 c = SAMPLE_TEXTURE2D(_Atlas, sampler_Atlas, auv);
```

ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. எடிட்டரில் லேசாகத்தான் தெரியும், போனில் பளிச்சென்று தெரியும். பக்கத்துக் கல்லின் நிறம் கசிகிறது என்று நினைத்து 8 பிக்சல் பேடிங் வைத்தேன், பிறகு 16 ஆக்கினேன் (இப்போது கல்லுக்கு உள்ளே 480 பிக்சல்தான் மிச்சம்). கோடு அசையவே இல்லை. யூவி செக்கரும் போட்டுப் பார்த்துவிட்டேன், கட்டங்கள் எல்லாம் சதுரமாக, எழுத்துகள் நேராக, ஒரு குறையும் இல்லை. யூவி சரி, பேடிங் சரி என்றால் கோடு எங்கிருந்து வருகிறது?

---

சுள்ளான்

அண்ணா, இது மிப்மேப் வேலைதான், நானும் பட்டிருக்கிறேன். சின்ன மிப்களில் பேடிங் கரைந்துபோய்ப் பக்கத்துக் கல் கசியும். டெக்ஸ்சர் இம்போர்ட்டில் `Generate Mipmaps` டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், கோடு போய்விடும். போனால் அதுதான் காரணம், பேடிங்கை 32 ஆக்குங்கள்.

---

பிக்சல்பாண்டி

டிக்கை எடுத்தேன், கோடு போய்விட்டது! ஆனால் தூரத்துத் தரை மணலைக் கொட்டிய மாதிரி மினுமினுக்கிறது, கேமரா நகர்ந்தால் கண் வலிக்கிறது. மிப் இல்லாமல் வெளியிட முடியாது. 32 பேடிங் வைத்தால் கல்லுக்கு 448 பிக்சல்தான் கிடைக்கும், ஓவியர் என்னை வெட்டிப் போடுவார். வைத்தால் நிச்சயம் போகுமா?

---

கோமதி_எல்

போகாது. 32 வைக்காதீர்கள்.

சுள்ளான் சொன்ன சோதனையில் ஒரு கோளாறு இருக்கிறது. மிப்பை அணைத்தால் பேடிங் கசிவும் மறையும், நான் சந்தேகப்படுகிற இன்னொரு தவறும் மறையும். இரண்டும் ஒன்றாக மறைவதால் எது குற்றவாளி என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

அதற்கு முன் உங்கள் செக்கரைப் பற்றி ஒரு கேள்வி. எப்படிப் போட்டீர்கள்? தரையின் மெட்டீரியலையே மாற்றி, `Unlit` ஷேடர் ஒன்றில் செக்கர் படத்தை வைத்தீர்களா? அப்படியென்றால் நீங்கள் சோதித்தது மெஷ்ஷின் யூவியை மட்டும்தான். `frac` எழுதியிருக்கும் உங்கள் ஷேடர் அந்தப் படத்துக்குள் வரவே இல்லை. மெட்டீரியலை அப்படியே விட்டு, `_Atlas` இருக்கும் இடத்தில் செக்கரை வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேறு எழுத்து இருக்கும் 4-க்கு 4 செக்கராக இருந்தால் நல்லது.

அப்புறம் கண்ணால் பார்க்க இரண்டு விஷயம். தரைக்கு மிக அருகில் போங்கள், கோடு தடிக்கிறதா? கேமராவை மெல்ல நகர்த்துங்கள், கோடு முழுக்கோடாக இருக்கிறதா, விட்டுவிட்டு ஊர்கிறதா?

---

பிக்சல்பாண்டி

ஆமாம் அக்கா, அன்லிட்தான் போட்டிருந்தேன். இப்போது அட்லஸ் இடத்திலேயே வைத்தேன், கோடு செக்கரிலும் வருகிறது! எழுத்துகள் சரியாகத்தான் இருக்கின்றன, கல் விளிம்பில் மட்டும் மங்கலான ஒரு கோடு.

அருகில் போனால் தடிக்கவில்லை. மூக்கு உரசும் தூரத்திலும் அதே மயிரிழைதான். கேமரா நகரும்போது கோடு துண்டு துண்டாக, எறும்பு வரிசை போல ஊர்கிறது. இதை நான் கவனிக்கவே இல்லை.

---

கோமதி_எல்

அப்படியானால் கசிவு இல்லை என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். கசிவு என்பது டெக்ஸ்சரில் இருக்கும் ஒரு பொருள். அருகில் போகப் போக டெக்செல் பெரிதாகும், கோடும் அதோடு தடிக்கும். எவ்வளவு நெருங்கினாலும் திரையில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்திலேயே நிற்கும் கோடு திரையில் பிறந்த கோடு.

உறுதி செய்ய மிப் நிறப் படம் ஒன்று செய்யுங்கள். அட்லஸ் அளவிலேயே ஒரு டெக்ஸ்சர், ஒவ்வொரு மிப்புக்கும் ஒரு தட்டை நிறம். 2048-க்கு 0 முதல் 11 வரை 12 மிப். 0 சிவப்பு, 1 ஆரஞ்சு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 வெளிர்நீலம், 5 கருநீலம், 9-க்கு மட்டும் அடிக்கிற ரோஸ் வையுங்கள். மற்றவை உங்கள் இஷ்டம்.

```csharp
var t = new Texture2D(2048, 2048, TextureFormat.RGBA32, true);
for (int m = 0; m < t.mipmapCount; m++) {
    int s = Mathf.Max(1, 2048 >> m);
    var c = new Color32[s * s];
    System.Array.Fill(c, palette[m]);
    t.SetPixels32(c, m);
}
t.filterMode = FilterMode.Bilinear;
t.Apply();
```

இதையும் அதே ஷேடரில், `_Atlas` இடத்தில்தான் வைக்க வேண்டும். டிரைலீனியர் வைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று குழையும், பைலீனியரில் பட்டை பட்டையாகத் தெளிவாகத் தெரியும்.

---

பிக்சல்பாண்டி

எல்லாமே சிவப்பு. தரை முழுக்க, அடிவானம் வரை. மிப்பே வேலை செய்யவில்லையா?

---

தச்சன்

கோமதி, கடைசி வரி. `Apply()` என்று சும்மா விட்டால் யூனிட்டி மிப் 0-இலிருந்து மற்ற எல்லா மிப்பையும் தானே மறுபடி உருவாக்கிவிடும். நீங்கள் ஊற்றிய 11 நிறமும் அழிந்து சிவப்பு மட்டும் மிஞ்சும். `Apply(false)` என்று இருக்க வேண்டும்.

---

கோமதி_எல்

ஐயோ, ஆமாம். அவசரத்தில் போனிலிருந்து தட்டினேன். பாண்டி, `t.Apply(false);` என்று மாற்றிப் பாருங்கள்.

---

பிக்சல்பாண்டி

வந்துவிட்டது! காலடியில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று தூரம் போகப் போகப் பட்டை பட்டையாக அழகாக மாறுகிறது. ஆனால் கல் விளிம்புகளில் எல்லாம், காலடிச் சிவப்புக்கு நடுவிலும், ரோஸ் நிறத்தில் புள்ளிக்கோடு. போனில் பார்த்தேன். எடிட்டரில் அதே கோடு கருநீலமாக வருகிறது, இது ஏன் என்று புரியவில்லை. மிப் 9 எப்படிக் காலடியில் வரும்?

---

கோமதி_எல்

ரோஸ் வந்ததும் கதை முடிந்தது.

எந்த மிப் வேண்டும் என்று ஜிபியு எப்படி முடிவெடுக்கிறது என்றால், பிக்சல்களை 2-க்கு 2 ஆக நான்கு நான்காக ஓட்டி, பக்கத்துப் பிக்சலின் யூவியிலிருந்து தன் யூவி எத்தனை டெக்செல் தள்ளியிருக்கிறது என்று பார்க்கிறது. 1 டெக்செல் தள்ளியிருந்தால் மிப் 0, 2 என்றால் மிப் 1, 4 என்றால் மிப் 2, இப்படி. அதற்குத் தெரிவது நீங்கள் சாம்ப்ளருக்குக் கொடுத்த யூவி மட்டும்தான், அதாவது `frac` முடிந்த பிறகு வருவது.

கல் விளிம்பில் ஒரு பிக்சலில் `frac` 0.999, பக்கத்தில் 0.001. தரையில் அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அட்லஸில் ஒரு கட்டத்தின் வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் உள்ள தூரம், உங்களுக்கு 480 டெக்செல். 2-இன் 9-ஆம் அடுக்கு 512, ஆகவே கிட்டத்தட்ட மிப் 9. ஜிபியு பாவம், ஒரு பிக்சலுக்குள் 480 டெக்செல் ஓடுகிறது, இது ரொம்பத் தூரத்துப் பொருள் போல என்று நினைத்துக்கொள்கிறது. பக்கத்தில் வேறு வகைக் கல் வந்தால் `tileOffset`-உம் மாறும், அப்போது குதிப்பு கூடவோ குறையவோ செய்யும், அதனால் அங்கங்கே வேறு நிறமும் வரலாம்.

2048-இன் மிப் 9 என்பது வெறும் 4-க்கு 4 பிக்சல். அதாவது ஒரு கல்லுக்கு ஒரே ஒரு பிக்சல், அதன் சராசரி நிறம். உங்கள் மயிரிழை அந்தச் சராசரி நிறம்தான். பேடிங்கை 32 ஆக்கினாலும் இந்த 480 என்பது 448 ஆகும், மிப் அப்போதும் கிட்டத்தட்ட 9-தான்.

எறும்பு வரிசைக்கும் காரணம் இதுவே. விளிம்பு அந்த நாலு பிக்சல் கட்டத்தின் நடுவில் விழுந்தால் மட்டும் குதிப்பு கணக்கில் வரும். இரண்டு கட்டங்களின் இடையில் விழுந்தால் வராது. கேமரா நகர நகர இது மாறிக்கொண்டே இருக்கும்.

தீர்வு, `frac`-க்கு முந்தைய யூவியிலிருந்து வேறுபாட்டை நாமே எடுத்துக் கொடுப்பது:

```hlsl
float2 dx = ddx(IN.uv) * _Scale;
float2 dy = ddy(IN.uv) * _Scale;
half4 c = SAMPLE_TEXTURE2D_GRAD(_Atlas, sampler_Atlas, auv, dx, dy);
```

`IN.uv` குதிப்பதில்லை, அதனால் `dx`, `dy` இரண்டும் விளிம்பிலும் ஒழுங்காக இருக்கும். `_Scale`-ஆல் பெருக்க மறந்தால் மிப் 2 படி தள்ளிப்போய்த் தரை முழுக்க மங்கும், அதையும் நிறப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

தச்சன்

எடிட்டரில் கருநீலம் வருவதற்கு நான் பதில் சொல்கிறேன். `Quality`-இல் கணினிக்கான நிலையில் `Anisotropic Textures` என்பது `Forced On` ஆக இருக்கும், போனுக்கான நிலையில் இருக்காது. சரிதானா? அனிசோட்ரோபிக் என்பது நீளமாக இழுபட்ட பிக்சலுக்குப் பல சாம்ப்பிள் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சின்ன மிப்புக்குப் போகாமல் தடுக்கும். விளிம்பில் ஒரு திசையில் 480, மறு திசையில் ஒன்றிரண்டு டெக்செல். 16 சாம்ப்பிள் என்றால் 480-ஐ 16-ஆல் வகுத்து 30, அது மிப் 5 பக்கம். மிப் 5-இல் ஒரு கல்லுக்கு 16-க்கு 16 பிக்சல் இருக்கும், சராசரியை விட எவ்வளவோ மேல். அதனால்தான் எடிட்டரில் கோடு லேசாகத் தெரிந்தது. கணினியில் மட்டும் பார்த்துச் சரி என்று விடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஆனால் நிறப் படம் செய்வதைவிட ஷேடரிலேயே கணக்குப் போட்டு நிறம் காட்டுவது எளிது என்பது என் கட்சி. சாம்ப்ளருக்குப் போகும் `auv`-ஐ 2048-ஆல் பெருக்கி, அதன் `ddx`, `ddy`-ஐ `dx`, `dy` என்று வைத்து, `dot(dx,dx)`, `dot(dy,dy)` இரண்டில் பெரியதை எடுத்து `0.5 * log2` போட்டால் மிப் எண் வந்துவிடும், படம் செய்ய வேண்டாம், மெமரியும் தின்னாது.

---

கோமதி_எல்

அது நீங்கள் போட்ட கணக்கைக் காட்டும், ஜிபியு எடுத்த மிப்பைக் காட்டாது. அனிசோவும் மிப் பயாஸும் அந்தக் கணக்கில் இல்லை. இப்போது நீங்கள் விளக்கிய கருநீலத்தையே உங்கள் முறையில் பார்த்திருக்க முடியாது, எடிட்டரிலும் 9 என்றுதான் காட்டும்.

---

தச்சன்

ஒத்துக்கொள்கிறேன், இந்த இழைக்கு மட்டும். நூறு மெட்டீரியல் இருக்கும் காட்சியில் ஒவ்வொன்றுக்கும் நிறப் படம் மாட்டிக்கொண்டிருக்க முடியாது, அங்கே நான் கணக்குதான் போடுவேன்.

---

சுள்ளான்

அக்கா, எதற்கு இத்தனை? யூனிட்டி சீன் வியூவிலேயே `Mipmaps` என்று ஒரு நிறப் பார்வை இருக்கிறதே. என் கேமில் அதைப் போட்டால் பாதிக் காட்சி சிவப்பாக வருகிறது. எனக்கும் இதே கோளாறா? மெஷ்ஷில் கோடு எதுவும் தெரியவில்லை.

---

கோமதி_எல்

அது வேறு கேள்விக்கான பதில், தம்பி. அந்தப் பார்வை சொல்வது டெக்ஸ்சரின் அளவைப் பற்றி. சிவப்பு என்றால் இந்தத் தூரத்துக்கும் இந்தத் திரைக்கும் படம் தேவைக்கு மேல் பெரிது, நீலம் என்றால் இன்னும் பெரிதாக இருக்கலாம். சீன் கேமராவைப் பின்னால் இழுத்தால் எல்லாமே சிவக்கும், ஜன்னலைச் சின்னதாக்கினாலும் சிவக்கும். நீ எங்கே நின்று பார்த்தாய்?

---

சுள்ளான்

மேலே ஆகாயத்திலிருந்து, வரைபடம் மாதிரி. சரி சரி, புரிகிறது.

---

ராத்திரிபில்ட்

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும், பெயர் தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். எனக்குச் சிக்கல் நார்மலில். ஒரு தோரண வாயில். இடப்பக்கத் தூணை மாடல் செய்து, வலப்பக்கத்துக்கு அதையே `Scale X = -1` போட்டு நிறுத்தியிருக்கிறேன். இடப்பக்கத் தூணில் செதுக்கல் புடைத்துத் தெரிகிறது. வலப்பக்கத்தில் அதே செதுக்கல் குழிந்து தெரிகிறது, ஏதோ கீழிருந்து வெளிச்சம் அடிப்பது போல. ஷேடர் என் சொந்த ஷேடர்.

நார்மல் மேப் பச்சைச் சேனல் தலைகீழாக இருக்கும் என்று படித்துவிட்டு அதைத் திருப்பினேன். வலம் சரியானது, இடம் கெட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நார்மலை நிறமாகக் காட்டி, ஐடிராப்பரால் சமதளமான இடத்தில் தொட்டால் 188, 188, 255 வருகிறது. 128, 128, 255 தானே வர வேண்டும்? இம்போர்ட்டில் டெக்ஸ்சர் வகையை `Default` ஆக்கி `sRGB (Color Texture)` டிக் போட்டதும் 128 வந்துவிட்டது, ஆனால் வெளிச்சம் இன்னும் மோசம். ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி.

---

கோமதி_எல்

முதலில் அந்த டிக்கை எடுத்துவிட்டு வகையை மறுபடி `Normal map` ஆக்குங்கள், மீதியைப் பிறகு பேசலாம். 188-தான் சரி, 128-தான் தவறு.

உங்கள் ப்ராஜெக்ட் லீனியர் என்று வைத்துச் சொல்கிறேன். ஷேடர் 0.5 என்று எழுதினால் திரைக்குப் போகும் வழியில் அது sRGB ஆக மாறி 188 ஆகிறது. கோப்பில் 128, திரையில் 188, இரண்டும் ஒரே 0.5. டிக் போட்டபோது என்ன ஆனது என்றால், ஜிபியு 128-ஐ நிறம் என்று நினைத்து லீனியராக்கி 0.216 ஆக்கிவிட்டது. திரைக்குப் போகும்போது அது திரும்பவும் 128 ஆகி உங்கள் கண்ணுக்குப் பழகிய ஊதாவாகத் தெரிந்தது. ஆனால் ஒளிக்கணக்குக்குப் போனது 0.216. அதை இரண்டால் பெருக்கி 1 கழித்தால் -0.57. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸிலும் ஒய்யிலும் -0.57 என்றால், சமதளம் 38 டிகிரிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் சாய்ந்த வெளிச்சம் அதுதான்.

இன்னொன்று, டோன்மேப்பிங்கும் புளூமும் ஓடிக்கொண்டிருந்தால் 188-உம் வராது. நார்மல் பார்வையில் எண்ணைத் தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் போஸ்ட் ப்ராசஸிங்கை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

இப்போது தூண். மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: நார்மல் மேப் கலக்காத வெறும் மெஷ் நார்மல், நார்மல் மேப் கலந்த வேர்ல்டு நார்மல், அப்புறம் எழுத்துள்ள யூவி செக்கர். இரண்டு தூணும் ஒரே படத்தில் வர வேண்டும்.

---

ராத்திரிபில்ட்

படம் ஏற்ற முடியவில்லை, அளவு பெரிது என்கிறது. வார்த்தையில் சொல்கிறேன்.

மெஷ் நார்மல்: முன்பக்கம் இரண்டு தூணிலும் ஒரே நிறம், பக்கவாட்டுகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர். சரியாகத்தான் இருக்கிறது.
கலந்த நார்மல்: இடத்தூணில் ஒவ்வொரு செதுக்கலின் மேல்விளிம்பும் பச்சை கூடி, கீழ்விளிம்பு பச்சை குறைந்து. வலத்தூணில் அப்படியே தலைகீழ், மேல்விளிம்பில்தான் பச்சை குறைவு.
செக்கர்: வலத்தூணில் எழுத்தெல்லாம் கண்ணாடி எழுத்து.

---

கோமதி_எல்

படமே தேவையில்லை, நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

யூனிட்டியில் ஒய் மேலே. வேர்ல்டு நார்மலில் ஒய் பச்சையில் இருப்பதால் மேலே பார்க்கும் விளிம்பு பச்சை கூடித்தான் இருக்க வேண்டும். ஆக இடத்தூண் சரி. நார்மல் மேப்பின் பச்சைச் சேனல் தலைகீழாக இருந்தால் இரண்டு தூணும் சேர்ந்தே கெட்டிருக்கும், அதனால் அது இல்லை. திருப்பியதைப் பழையபடி வைத்துவிடுங்கள். மெஷ் நார்மலும் சரி. செக்கர் கண்ணாடி எழுத்து என்பது வலத்தூணில் யூவியின் கை மாறியிருக்கிறது என்று சொல்கிறது, `-1` போட்டால் அப்படித்தான் ஆகும், அது தவறில்லை. ஷேடர் அந்தக் கை மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பைடேஞ்சன்ட்டை எப்படிச் செய்கிறீர்கள்?

---

ராத்திரிபில்ட்

```hlsl
float3 b = cross(normalWS, tangentWS) * IN.tangentOS.w;
```

`w` பெருக்கித்தானே இருக்கிறேன்?

---

கோமதி_எல்

`w` மெஷ்ஷுக்குள் இருப்பது. இரண்டு தூணும் ஒரே மெஷ், ஒரே `w`. மெஷ்ஷுக்குள்ளேயே யூவியைக் கண்ணாடி போலத் திருப்பியிருந்தால் `w` போதும். நீங்கள் பொருளையே கவிழ்த்திருக்கிறீர்கள், அது மெஷ்ஷுக்குத் தெரியாது.

```hlsl
float s = IN.tangentOS.w * GetOddNegativeScale();
float3 b = cross(normalWS, tangentWS) * s;
```

யூ.ஆர்.பி-யின் `GetVertexNormalInputs` இதைத் தானே செய்துவிடும், சொந்தமாக எழுதும்போதுதான் இது விட்டுப்போகும்.

---

ராத்திரிபில்ட்

புடைத்துவிட்டது அக்கா, இரண்டு பக்கமும். மேல்விளிம்பு இரண்டிலும் பச்சை. இதற்காக வலத்தூணுக்குத் தனி நார்மல் மேப் செய்ய ஓவியரிடம் சொல்லியிருந்தேன், இப்போது எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று தெரியவில்லை.

---

முகில்_வி

நிறப் பார்வை பற்றி இவ்வளவு நம்பிக்கையோடு பேசுகிறீர்கள், என் அனுபவத்தையும் போடுகிறேன். ஓவர்டிராவை நம்பி நான் ஒரு வாரம் வீணாக்கினேன். போனில் கேம் திணறியது. சீன் வியூவில் ஓவர்டிரா போட்டால் வீடுகள் அடுக்கியிருக்கும் தெரு வெள்ளையாக எரிந்தது. சுவர்களுக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் வெட்டி, வரையும் வரிசையை மாற்றி, தெருவைக் கறுப்பாக்கிவிட்டேன். போனில் ஒரு மில்லிசெகண்டு கூடக் குறையவில்லை. தெருவின் மூலையில் புகை ஒன்று இருந்தது, அதை அணைத்ததும் சரளமாக ஓடியது. அந்தப் புகை ஓவர்டிராவில் அவ்வளவாக எரியவே இல்லை.

---

தச்சன்

அந்தப் பார்வை எல்லாப் பொருளையும் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கூட்டி வரைகிறது. டெப்த் மறைப்பது அதில் இல்லை. உண்மையில் முன்னால் இருக்கும் சுவர் பின்னால் இருப்பதை மறைத்துவிடும், பவர்விஆர் மாதிரி டைல் வகை ஜிபியுக்கள் ஒளிபுகாத பொருளில் மறைந்த பிக்சலுக்கு ஷேடரையே ஓட்டுவதில்லை. அதனால் நீங்கள் வெட்டிய சுவர்கள் போனுக்கு ஏற்கெனவே இலவசம். புகைக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு அடுக்கும் காசு.

1080-க்கு 2400 திரை என்றால் கிட்டத்தட்ட 26 லட்சம் பிக்சல். புகை திரையை நிறைத்து 20 அடுக்கு வந்தால் ஒரு ஃபிரேமுக்கு 5 கோடிக்கு மேல் ஷேடர் ஓட்டம். தெருவில் ஒரு பிக்சலுக்கு ஒன்றுதான்.

யூ.ஆர்.பி-யில் `Rendering Debugger` திறந்தால் `Overdraw Mode` இருக்கும், அதில் `Transparent` மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தெரு மறையும், புகை தனியாக எரியும்.

---

முகில்_வி

பார்த்தேன், புகை மட்டும் வெள்ளை. துகள்களின் சதுர மூலைகள் கூட எரிகின்றன, அங்கே படத்தில் ஒன்றுமே இல்லை, ஆல்ஃபா பூஜ்யம்.

---

தச்சன்

ஆல்ஃபா பூஜ்யமாக இருந்தாலும் ஷேடர் ஓடும். சதுரத்துக்குள் பொருந்தும் வட்டப் புகை என்றாலே 21 சதவீதப் பரப்பு வெறுமை. சதுரத்துக்குப் பதில் எண்கோண மெஷ் கொடுத்தால் 17 சதவீதம் அதில் மிச்சமாகும். உங்கள் புகைப் படத்தில் ஓரம் இன்னும் காலியாக இருந்தால் மெஷ்ஷை அதை ஒட்டி இறுக்குங்கள். ஆனால் 20 அடுக்கை 8 ஆக்குவது இதையெல்லாம் விடப் பெரிய லாபம்.

---

முகில்_வி

அப்படியானால் மர இலைகள்? அவை ஆல்ஃபா கிளிப், ஒளிபுகாத வரிசையில் போகின்றன. அவையும் இலவசமா?

---

தச்சன்

இல்லை. `clip` இருந்தால் ஷேடர் ஓடி முடியும் வரை அந்தப் பிக்சல் இருக்கிறதா இல்லையா என்று ஜிபியுக்குத் தெரியாது, மறைப்பது தள்ளிப்போகும். ஆனால் எவ்வளவு நஷ்டம் என்பது சிப்புக்குச் சிப்பு மாறும், அதை நிறப் பார்வை எதுவும் சொல்லாது. போனில் நேரம் அளந்துதான் ஆக வேண்டும்.

---

கோமதி_எல்

இலைக்குச் சிலர் டெப்த்தை முதலில் தனியாக வரைவார்கள். எனக்கு ஒரு போனில் லாபமாகவும் இன்னொன்றில் நஷ்டமாகவும் முடிந்தது. இதில் நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன்.

---

பிக்சல்பாண்டி

திரும்பி வந்துவிட்டேன். `GRAD` மாற்றி எழுதினேன், நிறப் படத்தில் ரோஸ் ஒரு புள்ளி கூட இல்லை, போனிலும் கோடு போய்விட்டது. நன்றி அக்கா, நன்றி தச்சன்.

ஆனால் ஒன்று. தூரத்தில், நிறப் படத்தில் கருநீலம் தொடங்கும் இடத்திலிருந்து, கல் விளிம்புகளில் பக்கத்துக் கட்டத்தின் நிறம் லேசாகக் கசிகிறது. சாம்பல் கல் ஓரத்தில் செங்கல் சிவப்பு. இது முன்பும் இருந்திருக்கும், அந்தக் கோட்டில் மறைந்திருந்தது போல.

---

சுள்ளான்

அதைத்தானே நான் முதலில் சொன்னேன்!

---

கோமதி_எல்

சொன்னாய், இப்போது உன் முறை. இது உண்மையான பேடிங் கசிவு. ஒவ்வொரு மிப்பிலும் பேடிங் பாதியாகும். 16 பிக்சல் பேடிங் மிப் 4-இல் 1 பிக்சல், மிப் 5-இல் அரை பிக்சல். கருநீலம் 5-ஆம் மிப், அங்கேதான் தொடங்குகிறது என்று பாண்டி சரியாகப் பார்த்திருக்கிறார்.

வழி இரண்டு. மிப்பை 4-க்கு மேல் போகவிடாமல் ஷேடரில் பிடித்து நிறுத்தலாம், `SAMPLE_TEXTURE2D_LOD` போட்டு `min(lod, 4)`. ஆனால் அப்போது அனிசோ போய்விடும், ரொம்பத் தூரத்தில் மினுமினுப்பும் திரும்பும். இல்லையென்றால் அட்லஸையே கைவிட்டு 512 அளவில் 16 அடுக்குள்ள டெக்ஸ்சர் அர்ரே ஆக்கி, `Repeat` வைத்துவிடுங்கள். `frac` வேண்டாம், பேடிங் வேண்டாம், கல்லுக்கு 480 அல்ல, முழு 512 பிக்சல் கிடைக்கும். ஓபன்ஜிஎல் இஎஸ் 3.0 இருக்கும் போனில் எல்லாம் ஓடும்.

---

தச்சன்

அர்ரேதான் சரி. ஆனால் 16 படமும் ஒரே அளவு, ஒரே ஃபார்மட்டாக இருக்க வேண்டும், பாண்டியின் ஓவியர் அதற்கு ஒத்துக்கொள்வாரா?

---

பிக்சல்பாண்டி

அதுதான் சிக்கல். மூன்று கற்களை அவர் இரண்டு கட்ட அகலத்தில் வரைந்து வைத்திருக்கிறார், 1024-க்கு 512. அவற்றை வெட்டினால் கோலம் கலைந்துவிடும் என்கிறார். நாளைக்கு மிப் 4-இல் நிறுத்திப் போனில் பார்க்கிறேன். மினுமினுப்பு தாங்கும்படி இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன், இல்லையென்றால் அவரோடு உட்கார வேண்டியதுதான். அந்த மூன்றையும் மட்டும் தனி மெட்டீரியலாகப் பிரிக்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது, யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.